ஒரு யூனிட்டுக்கு நாலு யூனிட்

தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மெஷினை மாட்டிக் கொடுப்பது என் தொழில். பிழைப்பு திண்டிவனத்தில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது ஊருக்கே தெரியும் என்பதால் மறைத்து எழுத ஒன்றுமில்லை. அந்த மார்கழிக் காலையில் ஓனரம்மா போன் பண்ணியபோதும் நான் பாதி பேச்சிலேயே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"தண்ணி ஏறலைங்க. ராத்திரி பூரா ஓடியும் இருபத்தேழரையிலேயே நிக்குது. குஞ்செல்லாம் தீனி எடுக்க மாட்டேங்குது."

"என் மெஷின் அப்படிப் பண்ணாதுங்க. உங்க ஆளு எதையாவது திருகியிருப்பாரு" என்றேன், பார்க்காமலே.

ஓனரம்மா மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவே, கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர். டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தது. ஆறு தொட்டி, முதல் ஈடு. இறால் குஞ்சுக்குத் தண்ணீர் முப்பது, முப்பத்தொன்று டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் தோல் உரிக்காது, தின்னாது, மெல்ல அடியில் போய் உட்கார்ந்துவிடும். பனிக்காலத்தில் கடல் தண்ணீர் தானாக அந்தச் சூட்டுக்கு வராது. அதற்குத்தான் இரண்டு மாதம் முன்பு நான் மெஷின் மாட்டியிருந்தேன்.

மாட்டும்போதே பெரிய பஞ்சாயத்து. அவருடைய தம்பி சென்னையிலிருந்து வந்து, "ஒரு யூனிட் கரண்ட் போட்டா நாலு யூனிட் சூடு வருமாம். இவரு யாரை ஏமாத்துறாரு?" என்று என் எதிரிலேயே கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் ஓனரம்மா என் பேச்சை நம்பி, பழைய டீசல் பாய்லரைக் கழற்றி அனுப்பிவிட்டார். ஆக, அன்றைக்கு மெஷின் சொதப்பினால் திரும்பிப் போக அவருக்கு வேறு வழி கிடையாது. ஹீட்டர் கம்பியைத் தண்ணீரில் போடலாமென்றால், அவ்வளவு சூட்டுக்கு வேண்டிய கரண்டை அந்த லைன் தாங்காது. ஆறு தொட்டிக் குஞ்சும் என் வாய்ச்சொல்லின் மேல் மிதந்துகொண்டிருந்தன.

பெருமுக்கல் மலையைத் தாண்டி பைக்கில் போகும்போதே குளிர் முகத்தில் அறைந்தது. ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் வாசலிலேயே நின்றார். என் வயதுதான் இருக்கும். உப்பளத்தில் வேலை செய்த குடும்பம், அவரும் இங்கே வருவதற்கு முன்னால் உப்பு வாரியவர்.

"அண்ணே, நான் எதையும் தொடலண்ணே" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. ஓனரம்மா நான் சொன்னதை அவரிடம் கேட்டுவிட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அதை மீட்டர் சொல்லட்டும்பா" என்றேன்.

எங்கள் தொழிலில் சி.ஓ.பி. என்று ஒரு எண் உண்டு. மெஷின் தண்ணீருக்குக் கொடுத்த சூட்டை, அது தின்ற கரண்டால் வகுத்தால் வருவது. கணக்கு பெரிய வித்தையில்லை. ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே சூடு வேண்டும். அங்கே தண்ணீரைச் சூடாக்கிக் குஞ்சுத் தொட்டிகளுக்கு அனுப்பும் தொட்டி ஐயாயிரம் லிட்டர். அப்படியானால் ஒரு டிகிரிக்குச் சுமார் ஐந்தே முக்கால் யூனிட். மெஷின் ஒரு மணி நேரத்துக்குத் தின்பது மூன்று யூனிட்டுக்குள். ஒழுங்காக ஓடினால் மணிக்கு இரண்டு டிகிரி ஏறணும். அதே கரண்டை ஹீட்டர் கம்பிக்குக் கொடுத்தால் அரை டிகிரிதான் ஏறும்.

"சுத்துக் குழாய் வால்வை மூடுங்க. குஞ்சுத் தொட்டிக்குத் தண்ணி போக வேணாம். ஒரு மணி நேரம் அளந்து பாத்துடலாம்" என்றேன்.

ஓனரம்மா தயங்கினார். "ஒரு மணி நேரமா? அதுக்குள்ள குஞ்சு தாங்குமாங்க? முதல்ல மெஷினைப் போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்."

"மெஷின்ல ஒண்ணும் இருக்காதுங்க. அளந்தா தெரிஞ்சிடும்."

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. மெஷின் இருந்தது கட்டடத்துக்குப் பின்னால், இருபது அடி தள்ளி. நான் போகவில்லை. பம்ப் அறையில் ஸ்டூல் போட்டு மீட்டரையும் தெர்மாமீட்டரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தப்பு அவர்களுடையது என்று எழுதிக் காட்ட ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஒரு மணி நேரம் கழிந்தது. இரண்டு புள்ளி எட்டு யூனிட் ஓடியிருந்தது. தண்ணீர் இருபத்தேழரையிலிருந்து இருபத்தெட்டரை. ஒரே டிகிரி. வகுத்துப் பார்த்தேன், சி.ஓ.பி. இரண்டு வந்தது. நாலு என்று வாய் கிழியச் சொன்னவன் நான். மெஷினுக்குள் இருக்கும் கேஸ் கசிந்திருக்குமோ என்று தோன்றியது. அப்போதுதான் எழுந்து பின்பக்கம் போனேன்.

மெஷினைக் காணோம். அது இருந்த இடத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று நின்றது. மேலே மட்டுமில்லை, நாலு பக்கமும் தரை வரைக்கும் தென்னங்கீற்று, இடுக்கு தெரியாமல் கட்டியிருந்தது. உப்பளத்தில் மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூடுவார்களே, அதே கட்டு. காற்று பிய்க்காதபடி தொட்டிக்காரர் அடியில் கயிறு இழுத்துக் கல் வைத்திருந்தார். வேலை சுத்தமோ சுத்தம்.

ஒரு கீற்றை விலக்கி உள்ளே தலையை விட்டேன். ஜில்லென்று இருந்தது. மெஷின் முதுகில் இருக்கும் தகடுகளின் கீழ் மூலையில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. பக்கத்தில் மூடி போட்ட தூக்குச்சட்டி ஒன்று.

"இது என்னய்யா?" என்றேன், பின்னாலேயே வந்த தொட்டிக்காரரிடம்.

"மோருண்ணே. உள்ள நல்லா ஜில்லுன்னு இருக்குது, அதான் வெச்சிருக்கேன்" என்றார், நான் திட்டப்போவது தெரிந்தும் மறைக்காமல்.

அடக்க முடியவில்லை. "அறிவிருக்காய்யா உனக்கு? மெஷினை மூச்சுத் திணற வெச்சிட்டு மோர் குடிக்கிறியா? யாரு உன்னை இதை மூடச் சொன்னது?" என்று அந்தக் கடலோரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஓனரம்மா என் பின்னால் வந்து நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல் சொன்னார். "நீங்கதாங்க சொன்னீங்க. போன தடவை வந்தப்போ, உப்புக் காத்து மெஷின் மேல படாம பாத்துக்குங்கன்னு. அவரு ரெண்டு நாள் உக்காந்து கட்டினாரு."

சொல்லியிருந்தேன். அப்படியேதான் சொல்லியிருந்தேன். தகடு அரித்துவிடும் என்ற பயத்தில், பைக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு போகிற போக்கில் சொன்னது. மேலே கூரை மட்டும் போடுங்க, பக்கம் திறந்திருக்கட்டும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். உப்பளத்து ஆளிடம் ஒரு பொருளைப் பாதுகாக்கச் சொன்னால் அவர் எப்படிப் பாதுகாப்பார் என்று யோசிக்கவில்லை.

கயிற்றை அறுத்தேன். மூன்று பேருமாகப் பத்து நிமிடத்தில் எல்லாக் கீற்றையும் பிரித்துப் போட்டோம்.

"என்னதாங்க ஆச்சு?" என்று ஓனரம்மா கேட்டார். "மூடினா சூடு உள்ளயே தங்கும், இன்னும் நல்லதுன்னுதான் நானும் நினைச்சேன்."

தூக்குச்சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "தொட்டுப் பாருங்க. இந்த மோர்ல இருந்த சூடு எங்க போச்சு? உங்க தண்ணிக்குப் போச்சு. மெஷின் சூட்டைச் செய்யறதில்லைங்க. காத்துல இருக்கறதை எடுத்துத் தண்ணில போடுது. குழாய்க்குள்ள ஓடற கேஸை காத்தைவிட ஜில்லுன்னு ஆக்கி இந்தத் தகட்டுக்குள்ள விடும். அதனால காத்துச் சூடு அதுக்குள்ள ஏறும். அப்புறம் கம்ப்ரஸர் அதை அமுக்கும். அமுக்கினா தண்ணியைவிட சூடாயிடும், தண்ணிக்குக் கொடுத்துட்டுத் திரும்பி வரும். கரண்டு அந்த அமுக்கற வேலைக்குத்தான். ஒரு யூனிட் கரண்டு, காத்துலேருந்து மூணு. அந்தக் கரண்டும் கடைசில சூடாத்தான் தண்ணிக்குப் போவுது. மொத்தம் நாலு."

தொட்டிக்காரர் நிமிர்ந்தார். "போர்க் கிணத்துல இன்ஜின் போட்டு உப்புத் தண்ணி இறைக்கிற மாதிரிண்ணே. இன்ஜினா தண்ணிய செய்யுது, மேல தூக்கத்தானே செய்யுது."

"அதேதான். தண்ணி கீழ போகப் போக?"

"அதே டீசலுக்குக் கம்மியா வரும்."

"இங்கயும் அப்படித்தான். மெஷின் ஜில்லுனு ஊதற காத்து கொட்டாயை விட்டு வெளிய போகல. அதையே திரும்பத் திரும்ப இழுத்துச்சு. வெளிய இருபத்திரண்டு டிகிரி, உள்ள பத்துகூட இருக்காது. சூட்டை அவ்வளவு கீழேருந்து தூக்கணும். அதுக்கு மேல பனி வேற படிஞ்சு காத்து போற வழியை அடைச்சிடுச்சு. நாலு ரெண்டாச்சு."

பனி உருகி வடிந்ததும் மறுபடி அளந்தோம். இந்தத் தடவை நான் ஸ்டூலில் உட்காரவில்லை, மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஒரு மணி நேரத்தில் அதே இரண்டு புள்ளி எட்டு யூனிட். தண்ணீர் இருபத்தெட்டரையிலிருந்து முப்பது புள்ளி நாலு. ஓனரம்மாவே செல்போனில் வகுத்துப் பார்த்து, "நாலுக்குக் கிட்ட வருதுங்க" என்றார். வால்வைத் திறந்தோம். வெயில் ஏற ஏறக் காற்றும் சூடானது, மெஷினுக்குத் தூக்குகிற வேலை குறைந்தது. மத்தியானத்துக்குள் ஐந்து தொட்டி முப்பத்தொன்றைத் தொட்டன. குஞ்சுகள் தீனிக்கு மேலே வந்தன.

கடல் பக்கம் இருந்த ஆறாவது தொட்டி மட்டும் மேலே வரவில்லை. தொட்டிக்காரர் கண்ணாடி பீக்கரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் அடியில் செத்துக் கிடந்தன. காலையில் வால்வை மூடாமல் நேராகப் பின்பக்கம் போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஓனரம்மா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி கேப்பான். யாரு தப்புன்னு சொல்லட்டும்?"

கொஞ்சம் வளைத்துப் பேசியிருந்தால் தப்பித்திருப்பேன். மூடினது அவர்தானே. ஆனால் காலையிலிருந்து நான் கத்தின கத்தலை அந்த மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"என் தப்புங்க. சொன்னதும் அரைகுறை, வந்து பாக்காம உக்காந்ததும் நான்தான்" என்றேன். அவர் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கப்பா" என்றேன். எனக்குப் பழக்கமில்லாத வார்த்தை.

அவர் குனிந்து ஆறாவது தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார். தண்ணீர் முழுக்க வடியும் வரை மூன்று பேரும் நின்றோம். அப்புறம் அவர் போய்த் தூக்குச்சட்டியை எடுத்து வந்து, மூடியில் ஊற்றி முதலில் எனக்கு நீட்டினார். வெயிலில் இருந்ததில் மோர் வெதுவெதுப்பாகியிருந்தது. குடித்தேன்.