பெர்மிட் காப்பி கேட்ட கதை

டோல்கேட் பக்கம் இருந்த எங்கள் அலுவலகத்தில் ஏற்றுமதிக் காகித வேலை முழுக்க என்னுடையது. முதலாளி பாய், தென்னை நார்த்தூளைக் கட்டிகளாக அழுத்தி விற்பவர். உள்ளூரிலேயே விற்றுக்கொண்டிருந்தவருக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வியாபாரி கிடைத்துவிட்டார். வெளிநாட்டுக்கு இதுதான் முதல் சரக்கு. இதற்காக வீட்டு நகைகளை அடகு வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

விளைபொருள் அது. அந்த நாட்டு இறக்குமதி பெர்மிட் இல்லாமல் போனால் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்புவார்கள், அல்லது எரித்துவிடுவார்கள். "பாய், கன்டெய்னர் ஏத்துறதுக்கு முன்ன பெர்மிட் காப்பி கேட்டு வாங்குங்க" என்றேன்.

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமா நீ? வீடியோ கால்ல அவன் பொண்ண காட்டினான், பிரியாணி தட்ட காட்டினான். அவன்கிட்ட போய் பேப்பர் காட்டுன்னா, கல்யாணத்துக்கு கூப்ட்டவன்கிட்ட பத்திரிகைய எடுன்னு கேக்குற மாரி கீது."

எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யும். பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து நானே அந்த வியாபாரிக்கு மெயில் தட்டிவிட்டேன்.

மறுநாள் பாயின் வாட்ஸ்அப்பில் மழை. முதலில் கடை லைசென்ஸ் வந்தது. பிறகு பாஸ்போர்ட். பிறகு கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம். பெர்மிட்டைத் தவிர எல்லாம் வந்தது. "பார்த்தியா, மனுசன் பேஜாராயிட்டான்" என்றார் பாய். நான் விடவில்லை. மூன்றாவது முறை கேட்டபோதுதான் பெர்மிட் வந்தது.

பெயர் சரி, பொருள் சரி, இறங்கும் துறைமுகம் சரி, காலக்கெடுவும் முடியவில்லை. விளைந்த நாடு என்ற இடத்தில் மட்டும் 'இலங்கை' என்றிருந்தது. முன்பு அங்கிருந்து வாங்கிய ஆள்.

"பக்கத்து ஊருதானமா" என்றார் பாய். குரலில் தெம்பில்லை.

"நம்ம பூச்சிநோய் சோதனை சர்டிபிகேட்ல இந்தியான்னு இருக்கும், அவங்க பெர்மிட்ல இலங்கைன்னு இருக்கும். அங்க யார் பாய் சரக்கைப் பார்க்கப் போறாங்க? ரெண்டு பேப்பரும் ஒத்துப்போகுதான்னுதான் பார்ப்பாங்க."

பாய் வியாபாரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். எல்லாம் ஒரே தென்னைமரம்தானே, அனுப்புங்கள் என்றாராம். பாய் சிரிக்கவில்லை. புது பெர்மிட் வரும்வரை ஒரு கட்டிகூட நகராது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுத்து டிரெய்லர்காரருக்குப் போன்: "இன்னிக்கு வண்டி வேணாம் நைனா." கப்பல் நம் சரக்கில்லாமல் போனது. அன்று அவர் சாப்பிடவே இல்லை, எனக்கு அழுகையே வந்தது.

சில வாரம் கழித்து 'இந்தியா' போட்ட பெர்மிட் வந்தது. அதில் சொன்ன நிபந்தனைகளைப் பார்த்துச் சோதனை நடந்தது, சர்டிபிகேட்டும் கைக்கு வந்தது. பாய் அந்தப் பெர்மிட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். பிறகு என் மேசையில் வைத்தார்.

"இது போதுமாம்மா? இல்ல, அவன் வூட்டு ரேஷன் கார்டும் கேட்டு வாங்கிட்டு வண்டிய கூப்டலாமா?"