பச்சைக் குறி விழுந்த பில்

ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை. காலையில் பெய்யத் தொடங்கிய மழை மதியம் வரை விடவில்லை. மாவு ஆலையின் கணக்குப் பிரிவில் ஜன்னல்களை அடைத்துவிட்டதால், அறை முழுவதும் ஈரக்குடை நாற்றம்.

அந்த அறையில் பதினாறு ஆண்டுகளாகப் பில்களைச் சரிபார்க்கும் பெண்மணி என் அக்காவின் மகள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். "நாளைக்கே என் வேலை போனாலும் இந்தப் பேரை வச்சுப் பொழைச்சுக்குவேன், மாமா" என்பாள்.

அவளுடைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். சரக்கு தருபவர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் பில்லைக் கணினி படித்து, அதிலுள்ள கணக்கு எண், வங்கிக் கிளையின் குறியீடு, கணக்குக்கு உரியவர் பெயர் ஆகியவற்றைப் பிரித்தெடுத்துத் திரையின் இடப்பக்கம் வைக்கும். ஆலை அதே ஆளைப் பற்றி ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கும் விவரங்கள் வலப்பக்கம் நிற்கும். அந்தப் பதிவுக்குச் சப்ளையர் மாஸ்டர் என்று பெயர். இரண்டும் ஒத்துப்போனால் பச்சைக் குறி விழும். பில் அன்றைய பணப்பட்டுவாடா வரிசையில் சேரும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்புக் குறி. பெரும்பாலும் கணினி எட்டை மூன்றாகப் படித்திருக்கும், அல்லது முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விழுங்கியிருக்கும். அவள் மூலப் பில்லைத் திறந்து, எண்ணை நான்கு நான்காகப் பிரித்து, வாய்விட்டுப் படித்துத் திருத்துவாள். பக்கத்து மேசைக்காரர்கள் அதைச் சுப்ரபாதம் என்பார்கள்.

மாஸ்டரில் கைவைக்க அவளுக்கு அனுமதி கிடையாது. அது மாடியிலுள்ள மாஸ்டர் மேசைக்காரரின் வேலை; அவர் சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சரிபார்ப்பவர் வேறு, பதிவை மாற்றுபவர் வேறு என்று இருந்தால்தான் தவறு நுழையாது என்பது ஏற்பாடு.

அன்று மதியம், கோணிப்பை தைத்துத் தரும் அம்மாளின் பில் திரைக்கு வந்தது. மூன்று பச்சைக் குறிகள். பூதக்கண்ணாடி மனநிறைவோடு அதை நான்கு மணி வரிசையில் சேர்த்தாள். நான்கு மணிக்கு அந்த வரிசை வங்கிக்குப் போய்விடும். அதன்பிறகு பணத்தைத் திருப்பி வாங்குவது நடக்கிற காரியம் அன்று.

சற்று நேரத்தில், சரக்கறைக்காரர் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார்.

"அக்கா, கோணி வந்த வண்டியில இருந்த காகிதப் பில். சரக்கு சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். மழையில கூழாகறதுக்குள்ள வாங்கிக்குங்க."

"மேசை மேல சொட்ட விடாதீங்க! பில்லுதான் மின்னஞ்சல்லயே வந்தாச்சே, இது எதுக்கு?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டு பில்லு வந்தா ரெண்டு தடவை கொடுப்பீங்களோ என்னவோ."

"கொடுத்தா உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

சிரித்துக்கொண்டே அவள் அந்தக் காகிதத்தைக் கோப்பில் செருகப் போனாள். பழக்க தோஷம், அடியிலிருந்த கணக்கு எண்ணை வாய் தானாக நான்கு நான்காகப் படித்தது. இரண்டாவது நான்கிலேயே நின்றுவிட்டது; திரையில் பார்த்த எண் அதுவல்ல. பில் எண் அதே, தொகை அதே, தேதியும் அதே. வங்கி மட்டும் வேறு.

"கணினி தப்பாப் படிச்சிருக்கும்னு நினைச்சேன் மாமா" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "நம்ம தப்பா இருக்கும்னு எவளாவது முதல்ல நினைப்பாளா?"

கணினி சரியாகத்தான் படித்திருந்தது. மின்னஞ்சல் பில்லில் உண்மையாகவே அந்த எண்தான் இருந்தது. மாஸ்டரிலும் அதுவே இருந்தது. அவள் மாஸ்டரின் மாற்ற விவரத்தைத் திறந்தாள். போன வாரம்தான் வங்கிக் கணக்கு மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் மாடிக்காரரின் பெயர். குறிப்பில், "தொலைபேசியில் உறுதி செய்யப்பட்டது" என்று ஒரே வரி. உறுதி செய்தவர் யார் என்று அதில் இல்லை.

அவளுக்குத் தெரியும். கணக்கு மாறிவிட்டதாகக் கோணிக்கார அம்மாளின் மின்னஞ்சலிலிருந்து கடிதம் வந்த அன்று, அதை மாடிக்கு அனுப்பியவள் அவளேதான். மாஸ்டரில் முன்பே இருக்கும் எண்ணில்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது விதி. அவள் கடிதத்தின் அடியில் அச்சாகியிருந்த எண்ணில் கூப்பிட்டாள். அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அவளுக்கோ அவசரம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, "ஏமாறாமல் பணம் கொடுப்பது எப்படி" என்று பத்து நிமிடத்தில் வகுப்பெடுக்க வேண்டியிருந்தது.

"போன்ல ஒருத்தன் அவ்வளவு மரியாதையாப் பேசினான் மாமா. என்னை மேடம்னு கூப்பிட்டான். இந்த ஆபீஸ்ல ஒருத்தர் அப்படிக் கூப்பிட்டதில்ல. அதுலயே நான் விழுந்துட்டேன்."

மாணவனின் விடைத்தாளைப் பார்த்து விடைக்குறிப்பை எழுதி, அதை வைத்தே அந்த விடைத்தாளைத் திருத்தினால் நூற்றுக்கு நூறு வரத்தானே செய்யும்? முப்பத்தொரு ஆண்டுகள் தாள் திருத்திய எனக்கு, அந்தப் பச்சைக் குறிகளின் மதிப்பு இப்படிச் சொல்லிப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதுவும் மூன்றாவது தடவை அவள் விளக்கிய பிறகு.

அவள் முதலில் பில்லை வரிசையிலிருந்து எடுத்து நிறுத்தி வைத்தாள். கணக்கு மாறிய பிறகு அந்த அம்மாளுக்கு வேறு பணம் எதுவும் போகவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, பழைய ஒப்பந்தத்தில் இருந்த எண்ணில் கூப்பிட்டாள். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே அந்த அம்மாள் கத்தினார்.

"யாரு, ஆலையா? சொல்லும்மா!"

"நீங்க வங்கிக் கணக்கை மாத்தினீங்களாம்மா?"

"நானா? பிஞ்ச செருப்பை மாத்தவே நேரமில்ல, கணக்கை எங்க மாத்தறது? ஏம்மா, பணம் வருமா வராதா? பன்னெண்டு பேரு கூலிக்கு உட்கார்ந்திருக்காங்க."

"வரும்மா. பழைய கணக்குக்கே வரும். உங்க மின்னஞ்சலை யாரோ திறந்து பார்த்திருக்காங்க. முதல்ல அதோட பாஸ்வேர்டை மாத்துங்க."

"அதை என் மருமகன்தான் மாத்தணும். அவனைப் பிடிக்கறதுக்குத் திருடனையே பிடிச்சுடலாம்!"

அதன்பின் அவள் நேரே மேலாளரின் அறைக்குப் போனாள். போகும் வழியெல்லாம் வாக்கியங்களைத் தயாரித்தாளாம். 'ஒரு மோசடியைக் கண்டுபிடித்துத் தடுத்தேன், சார்.' பொய் இல்லை. கைதட்டல்கூடக் கிடைக்கும். பூதக்கண்ணாடி என்ற பெயருக்கு ஒரு பளபளப்பும் ஏறும்.

சொல்லியும் விட்டாள். மேலாளர் மாஸ்டர் விவரத்தைத் திறந்து பார்த்தார். உடனே மாடிக்காரரை வரவழைத்தார்.

"மாத்தினது நீதானே?"

"ஆமா சார். போன்ல உறுதி பண்ணியாச்சுன்னு கீழேயிருந்து வந்த கோரிக்கையில..."

"கீழேன்னா? தரையா சொல்லுச்சு? நாலு மாசத்துல இப்படின்னா, உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எந்த முகத்தோட கையெழுத்துப் போடறது?"

அந்த இளைஞர் அவளைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். அவர் அவளுடைய பெயரைச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும், கோபம் வந்திருந்தால் தப்பிக்க ஒரு வழியும் கிடைத்திருக்கும் என்று பிறகு சொன்னாள்.

மேலாளர் மேசையைத் தட்டினார். "அப்போ போன்ல கூப்பிட்டுச் சரின்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார். கடிதத்துலயே இருந்த நம்பர்ல கூப்பிட்டேன்."