பரிமாற எட்டுப் பேர்

பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் வீரம்மாளுக்குப் பிடிவாதக்காரி என்று பெயர். கங்காணி எடையைக் குறைத்து நிறுத்தால், பழத்தைத் தரையில் கொட்டிவிட்டு மறுபடி நிறுக்கச் சொல்லுவாள். முப்பது வயதில் தொழிற்சங்க இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவள். எழுதத் தெரிந்த பிறகு எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் அந்த ஊர் வாசகசாலைக்குப் புதுக் கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவன்று சாதி பாராத சமபந்தி விருந்து என்று நோட்டீஸ் அடித்தார்கள். செயலாளர் சேனாதிபதி மிளகு வியாபாரி, மேடையில் நன்றாகப் பேசுகிறவர். விழாவுக்குத் தொண்டர் வேண்டுமென்று அவரே ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு வாசகசாலைச் சுவரில் ஒட்டினார். ஆறு மணி முதல் ஒன்பது வரை காய் நறுக்க ஆறு பேர். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தண்ணீர் சுமக்க, பந்தல் போட ஏழு பேர். பன்னிரண்டு முதல் மூன்று வரை பரிமாற எட்டுப் பேர். அதே நேரத்தில் எச்சில் இலை எடுத்து இடத்தைத் துடைக்கப் பத்துப் பேர். எத்தனை ஆள் தேவையோ அத்தனை வெற்றுக் கோடு. விருப்பமுள்ளவர் கோட்டில் பெயர் எழுத வேண்டும். கோடு நிறைந்தால் அந்த வேலைக்கு ஆள் சேர்ந்தாயிற்று.

பரிமாறும் கட்டத்தில் ஐந்து பெயர் இருந்தன. ஆறாவது கோட்டில் வீரம்மாள் தன் பெயரை எழுதினாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, 'எட்டு' அடிக்கப்பட்டு 'ஐந்து' ஆகியிருந்தது. அவள் பெயரின் மேல் ஒரு கோடு. இலை எடுக்கும் கட்டத்தின் முதல் கோட்டில் யாரோ அவள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள்.

சேனாதிபதி உள்ளேதான் இருந்தார்.

"ஐயா, நான் எழுதுன எடத்துல எம்பேரு இல்லியே?"

"வீரம்மா, பரிமாற அஞ்சு பேரு போதும்னு கமிட்டி முடிவு பண்ணிருச்சு. எலை எடுக்கத்தான் ஆளே இல்ல. எல்லாம் தொண்டுதானே?"

"முந்நூறு பேருக்கு அஞ்சு பேரு சோறு போட்டா, கடைசி எலைக்கு ரசம் வர்றப்போ மொத எலைக்காரர் வீட்டுக்குப் போயிருப்பாரே!"

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். சேனாதிபதிக்கு முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"புரிஞ்சுக்கத்தா. உங்க பக்கத்துல ஒக்காந்து சாப்பிடுறதுக்கே ஊர்க்காரனுகளைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ கரண்டியைத் தொட்டா பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிருவான்."

"அப்ப சமபந்தின்னு ஏன் அடிச்சீக? எச்சி எடுக்க மட்டும் எங்க கை ஆகும், சோறு போட ஆகாதுன்னு அடிச்சிருக்கலாம்ல?"

அவள் அவரிடமிருந்தே பென்சிலை வாங்கி, இலைக் கட்டத்தில் இருந்த தன் பெயரை அழுத்தி அடித்தாள். பரிமாறும் கட்டத்தில், அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி எழுதினாள்.

அன்று மாலை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் போனாள். "எலைக் கட்டத்துல நம்மாளு ஒருத்தரும் பேரு எழுதக் கூடாது" என்றாள்.

"ஏண்டி, ஒரு நாளு நல்ல சோறு. அதையும் கெடுக்கணுமா?" என்றாள் வேலுத்தாய்.

"சாப்பிடப் போவோம்க்கா. நல்லா ஒக்காந்து சாப்பிடுவோம். எச்சிலைய மட்டும் தொட மாட்டோம்."

"எடுக்காட்டி அடுத்த பந்திக்கு எங்க ஒக்கார்றது?"

"அதை அவுக யோசிக்கட்டும்."

வேலுத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். "சரிடி, நான் எழுதல."

சனிக்கிழமை மாலைவரை இலைக் கட்டத்தில் வேறு ஒரு பெயரும் விழவில்லை. முதல் பந்தி எழுந்து இலை எடுபடாவிட்டால் இரண்டாம் பந்தி உட்கார முடியாது. இது சேனாதிபதிக்குத் தெரியாததல்ல. யாரைக் கேட்டாலும், "லயத்துக்காரங்க பாத்துக்குவாங்கல்ல?" என்றே பதில் வந்தது. கடைசியில் அவரே லயத்துக்கு ஏறி வந்தார்.

"இது என்ன பிடிவாதம் வீரம்மா? நாளைக்கு மந்திரி ஆபீசுலருந்து ஆளு வராங்க. மானம் போயிரும்."

"யாரு மானங்க ஐயா?"

அவளே தொடர்ந்தாள்.

"எட்டைத் திரும்ப எட்டாக்குங்க. எம்பேரு நான் எழுதுன கட்டத்துல நிக்கட்டும். எலைக் கட்டத்துல மொதப் பேரு உங்க பேரா இருக்கட்டும். அதுக்குக் கீழே அஞ்சு பேரு நாங்க எழுதுறோம், மிச்சம் உங்க ஆளுக எழுதட்டும்."

"நானா? எச்சிலையா?"

"தொண்டுதானே ஐயா?"

அவர் விறுவிறுவென்று இறங்கிப் போனார். ஆனால் ஞாயிறு வெள்ளனே வீரம்மாள் போய்ப் பார்த்தபோது, இலைக் கட்டத்தின் உச்சியில் 'சேனாதிபதி' என்று இருந்தது. எழுத்துக் கொஞ்சம் கோணல். மேலே பரிமாறும் கட்டத்தில் 'ஐந்து' அடிக்கப்பட்டு, 'எட்டு' வந்திருந்தது. ஏற்கெனவே இருந்த ஐவரில் இருவர் தங்கள் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். அங்கே காலியாக இருந்த நான்கு கோட்டில் வேலுத்தாயையும் இன்னும் மூன்று பெண்களையும், சொன்னபடி இலைக் கட்டத்தில் லயத்தார் ஐவரையும் எழுத வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு முதல் பந்தி. வீரம்மாள் சோற்றுக் கூடையை இடுப்பில் ஏந்தி வந்தாள். முதல் இலையில் மிராசுதார் ஒருவர். அவள் கையைப் பார்த்ததும் எழுந்தார். அவரோடு நால்வர் எழுந்தார்கள். சேனாதிபதி அசையாமல் நின்றார்.

வீரம்மாள் கூடையை இறக்கவில்லை. வாசலில் இடமில்லாமல் நின்றவர்களைப் பார்த்தாள்.

"எடம் இருக்கு, வாங்க. ஐயாமாருக்குப் பசியில்லையாம். சோறு ஆறுது, வெரசா ஒக்காருங்க."

ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். நால்வர் லயத்துக்காரர்கள், ஒருவர் மேல்சாதிக்காரர், கூக்கால் கிராமத்திலிருந்து பூண்டு மூட்டையோடு வந்த குடியானவர். அவருடைய இலையில் வீரம்மாள் முதல் கரண்டிச் சோற்றைப் போட்டாள். அவர் குனிந்து, "இன்னும் கொஞ்சம் போடு தாயி" என்றார்.