ராபியாவின் இடப்பக்கக் கூந்தல்

நுனியை அடிக்கடி வெட்டினால் முடி வேகமாக வளரும் என்று, தாராவியில் பார்லர் நடத்தும் ராபியா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவந்தாள்.

“மாசந்தவறாம வெட்டுதேன் லாத்தா, தோளத் தாண்ட மாட்டேங்குதே?” என்று வாடிக்கைக்காரி அஸ்ரின் கேட்டதும் ராபியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நிரூபிக்கிறேன் பார் என்று புதிதாக வளர்வது வெள்ளையாகத் தெரியும்படி தன் நரைத்த தலை முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு, இடப்பக்க நுனியை மட்டும் மாதாமாதம் வெட்டினாள்.

சில மாதம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தாள். வேரோரம் முளைத்த வெள்ளை இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் இருந்தது. இடப்பக்கக் கூந்தல் மட்டும் எலி கடித்த துடைப்பம்போல் குட்டையாகித் தொங்கியது. தன் கோலத்தைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

அஸ்ரின் வந்ததும் ராபியா ஒப்புக்கொண்டாள்.

“முடி வேர்லதான் வளருது. நுனியில கத்திரி பட்டது வேருக்கு எப்பிடித் தெரியும்? வயசு, பரம்பரை, உடம்புநிலை, சாப்பாடு, இதப் பொறுத்துத்தான் வளரும். வளந்ததப் பூரா நாந்தான் வெட்டி எறிஞ்சிருக்கேன், கூறுகெட்டவ!”

“அப்ப வெட்டவே வேண்டாமா?”

“நுனி பிளந்தா வெட்டு. பிளவு மேல ஏறி ஒடையாது, அவ்வளவுதான்.”

பிறகு கத்திரியை அஸ்ரினிடம் நீட்டினாள்.

“வலப்பக்கத்தையும் இதுக்குச் சமமா வெட்டிவிடுளா. இப்பிடியே வெளிய போனா சனம் சிரிக்கும்.”