மெஷினிடம் மரியாதை காட்டிய பூவரசன்

பூவரசன் நான்கு வருடமாகக் கல்லூரி வாசலில் இருக்கும் என் கடையில் இட்லி தின்றவன். இட்லி வேண்டும் என்று நேராகக் கேட்டதே இல்லை. தொந்தரவு இல்லை என்றால் இரண்டு கிடைக்குமா என்பான். வழியில் படுத்திருக்கும் நாயிடம்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தாண்டுவான். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் எல்லோருக்கும் மரியாதை உண்டு. இவனுக்கு அது வியாதி மாதிரி.

அந்த வியாதிதான் அவன் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தது.

கடைசி வருடத்தில் கம்பெனிக்காரர்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுப்பார்கள். முதலில் கணக்குப் பரீட்சை. அடுத்து கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத வேண்டும். அதிலும் தேறினால் நேரில் கூப்பிட்டுப் பேசுவார்கள். பூவரசன் இரண்டு கம்பெனியில் கணக்கில் தேறி, புரோகிராமில் முட்டை வாங்கினான். அவன் மார்க்குக்கு இடம் கொடுக்கும் கம்பெனி இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனால் மாமாவின் போர்வெல் லாரியில் ஏறிச் சத்தீஸ்கர் போ என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். துளை போடும் ரிக் மெஷின் ஓடும் இடத்தில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். இவன் அங்கே போய், சிரமம் பார்க்காமல் பைப்பை இறக்குகிறீர்களா என்று கேட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும்?

அவனுடைய அறைத்தோழன் ஜெயபாண்டி, மதுரைக்காரன், ஒரு நாள் என் கடை மேஜையிலேயே லேப்டாப்பைத் திறந்து குற்றத்தைக் கண்டுபிடித்தான். பூவரசனின் புரோகிராம் கணக்கைச் சரியாகவே போட்டது. ஆனால் போடுவதற்கு முன்னால், தயவுசெய்து ஓர் எண் தாருங்கள் என்று திரையில் கேட்டது. விடையைச் சொல்லும்போது, உங்கள் விடை இதோ என்றது. கடைசியில் நன்றியும் சொன்னது. கல்லூரி லேபில் இதற்காகவே அவனுக்கு மார்க் போட்டிருக்கிறார்கள். கம்பெனிப் பரீட்சையில் திருத்துவது மெஷின். எண்ணை அதுவே கொடுத்து, வெளியே வருவதை எழுத்துக்கு எழுத்து தன் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். விடை நாற்பத்திரண்டு என்றால் அது மட்டும்தான் வர வேண்டும். கூடுதலாக ஒரு வார்த்தை வந்தாலும் தப்பு.

"கேக்காம எப்படீங்க ஒருத்தருகிட்ட வாங்கறது?" என்றான் பூவரசன். கூட்டாளிக்கும் 'ங்க' போடுகிறவன் அவன்.

"அங்க ஒருத்தனுமே இல்ல மாப்ள. மெஷின்டா."

"மெஷினா இருந்தா என்னங்க?"

எனக்கு அவன் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான்.

அழிக்கச் சொன்னால் அழிப்பான். அடுத்த புரோகிராமில் அவன் கை தானாகவே தயவுசெய்து என்று ஆரம்பித்துவிடும். சரி, இவனை மரியாதை கெட்டவனாக்கிவிடுவோம் என்று ஜெயபாண்டி பயிற்சி வைத்தான். புரோகிராம் பயிற்சி காலையில், மரியாதைக் குறைவுப் பயிற்சி சாயங்காலம். கடையில் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும், வேறு ஒரு சொல் வாயில் வரக்கூடாது என்பது சட்டம்.

பூவரசன் வந்து நின்றான். "நாலு," என்றான்.

நான் கொடுக்கவில்லை. என் கடையில் கேட்கிற மாதிரி கேட்டால்தான் இட்லி.

"ஆத்தா, அவன் வாழ்க்கைப் பிரச்சன. குடுத்துருங்க," என்றான் ஜெயபாண்டி.

"எனக்கு இது கடைப் பிரச்சனை. நாலுன்னா என்ன, நாலு கல்லா?"

பூவரசன் இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பட்டினியாகப் போனான். மறுநாளும் அதுவே நடந்தது. பையன் பாதியாக இளைத்துவிட்டான். நான் இறங்கி வருவேன் என்று ஜெயபாண்டி பார்த்தான். வரவில்லை. கடைசியில் அவன்தான் வேறு வழி யோசித்தான். புரோகிராமுக்குள் வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு எதை எழுதினாலும் மெஷின் அதைப் படிக்காதாம், வெளியேயும் காட்டாதாம். அது மனிதர்கள் படிக்க எழுதும் குறிப்பாம்.

"ஒன் மரியாதைய பூரா அங்க கொட்டு. வெளிய விடை மட்டும் வரட்டும்."

பூவரசனின் முகத்துக்குக் களை திரும்பியது. அன்றைக்கு எட்டு இட்லி கேட்டான், ஒழுங்காகக் கேட்டான்.

கடைசிக் கம்பெனியின் பரீட்சையில் கேட்ட இரண்டு புரோகிராமும் முழுசாகத் தேறின. நேர்முகத்தில் ஓர் அம்மாள் அவன் எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்கச் சொன்னாராம். முதல் வரியில் அவன், 'ஐயா, கேட்காமல் எண்ணை எடுத்துக்கொள்கிறேன், பொறுத்தருள வேண்டும்' என்று எழுதியிருந்தான். மெஷின் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் இடத்தில், 'மறுபடியும் அலைய வைப்பதற்கு வருந்துகிறேன்' என்றிருந்தது.

"யாருகிட்ட இதெல்லாம் சொல்றீங்க?" என்று அவர் கேட்டார்.

"யாராச்சும் படிச்சா மனசு சங்கடப்படக் கூடாதுங்களே."

அந்த அம்மாள் வெகுநேரம் சிரித்தாராம். தங்கள் கம்பெனியில் அடுத்தவன் எழுதியதைப் பிரித்துப் பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை, இத்தனை வருடத்தில் தன்னிடம் ஒரு புரோகிராமும் வருத்தம் தெரிவித்ததில்லை என்றாராம். அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அப்பா சத்தீஸ்கர் பேச்சை விட்டுவிட்டார்.

வேலையில் சேரும் தேதி மட்டும் இன்னும் வரவில்லை. பிறகு தெரிவிக்கிறோம், இதற்குப் பதில் போட வேண்டாம் என்று மாதாமாதம் ஒரு மெயில் வருகிறது. பூவரசன் ஒவ்வொன்றுக்கும் நன்றி எழுதிப் பதில் போடுகிறான். போய்ச் சேரவில்லை என்று திரும்பி வருகிறது. அதற்கும் மன்னிப்புக் கேட்டு ஒன்று போடுகிறான்.