சோடியத்துக்கு ஏறிய H

பாறசாலையில் நான் வேலை பார்க்கும் கிளினிக்கில், நோயாளிகள் போனில் படம் பிடித்து அனுப்பும் இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கணினி அட்டவணையில் ஏற்றுவோம். படத்தில் எண்ணை ஒட்டியே H அல்லது L இருக்கும். கூடுதல், குறைவு என்று அர்த்தம்; எழுத்து இல்லாவிட்டால் அளவு சரி. எண்ணைத் தனியாக அடித்து, எழுத்தை அதே வரியில் அடுத்த கட்டத்தில் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

அன்று, கொல்லயில் ஊரிலிருந்து வரும் சக ஊழியை ஏற்றியதைச் சரிபார்த்தேன். ஹீமோகுளோபின் 9.8, L. சரி. சோடியம் 138, H. 138 சரியான அளவுதானே, அதற்கு எதற்கு H? படத்தைத் திறந்தேன். அந்த H கீழ்வரியில் பொட்டாசியம் 6.1-ஐ ஒட்டி நின்றது. எண்களை முடித்துவிட்டு, எழுத்துகளை மட்டும் மேலிருந்து இடைவெளி விடாமல் அடித்திருக்கிறாள். எழுத்து அதனதன் வரியில்தான் நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன், தலையாட்டியிருந்தாள்.

"எதுக்கு மக்கா இப்படி அடுக்குன?"

"இடையில சும்மா விட்டா, அடிக்க மறந்தாச்சுன்னு டாக்டர் நினைப்பாருல்லா அக்கா. அதாக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் இருந்தால் டாக்டர் எழுத்துக் கட்டங்களை மட்டும்தான் பார்ப்பார்; பொட்டாசியம் இவ்வளவு கூடினால் இதயத்துக்கே ஆபத்து. சும்மா விடக் கூடாது என்று அவள் பயந்த கட்டம், பொட்டாசியத்துக்கு நேரே காலியாகக் கிடந்தது.