பார்டர் இல்லாத விண்ணப்பம்

சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் பதினோரு வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவன் நான். வெற்றுத் தாளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. நாலு பக்கமும் பார்டர் போட்டால்தான் மனசு ஆறும். அந்தக் கைதான் என் வேலை விண்ணப்பத்திலும் விளையாடிவிட்டது.

என் மனைவிக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் அவள் அங்கே, நான் இங்கே. மாசத்துக்கு ஒரு ஞாயிறு பார்த்துக்கொள்வோம். மற்ற நாளெல்லாம் வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்காது. ஓசூரில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி ஒன்றுக்கு டிசைனர் தேவை என்று அவள் சொன்னதும், அன்றைக்கே மெயில் தயார் செய்தேன்.

அச்சகக் கம்ப்யூட்டரில் அகலமான அட்டவணை போட்டேன். இடப்பக்கம் அனுபவம், வலப்பக்கம் தெரிந்த சாஃப்ட்வேர், தலைப்பெல்லாம் மெரூன். கீழே ஒரே பத்தியில் என் கதை முழுவதும். பெரிய திரையில் ஜோராக இருந்தது. கம்பெனிக்கு அனுப்பும் முன் அவளுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தேன்.

டீ பிரேக்கில் கூப்பிட்டாள்.

"என்னங்க, கல்யாணப் பத்திரிகையா அனுப்பியிருக்கீங்க? போன்ல வலப்பக்கம் பாதியோட நிக்குது. வெரலால தள்ளித் தள்ளிப் பாக்குறேன். கீழ இருக்க பத்தி அம்புட்டு நீளம், திரை முழுக்க எழுத்துதான்."

"கம்ப்யூட்டர்ல பாரு, எப்படி ஜொலிக்குதுன்னு."

"ஆளெடுக்கிறவரு மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே போன்ல பாப்பாரு. அவருக்கு எதுக்கு ஜொலிக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் என் போனிலேயே திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அட்டவணையை அழித்தேன். மெரூனையும் எடுத்தேன். எந்த வேலைக்கு என்று இரண்டு வரி. ஒரு வரி இடம் விட்டு, என்ன செய்திருக்கிறேன் என்று மூன்று வரி. பயோடேட்டாவும் மாதிரிகளும் பிடிஎஃபாக இணைத்திருப்பதாக ஒரு வரி. கடைசியில் ஓசூருக்கு வரத் தயார் என்பதும் போன் நம்பரும். மிச்சமிருந்தது அந்த நீளப் பத்தி. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காததைக்கூட அதில் எழுதியிருந்தேன். அழிக்க மனசு வரவில்லை என்று அவளிடமே சொன்னேன்.

"அதையெல்லாம் எனக்கு எழுதுங்க. அவருக்கு எதுக்கு?" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அழித்துவிட்டு அனுப்பினேன். மறுநாள் மதியம் பதில் வந்தது. சனிக்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். டிக்கெட் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"திரும்பிப் போகவும் டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமைக்குப் போட்டிருக்கேன், எப்பவும் போல."

"கேன்சல் பண்ணிருங்க. வேலை கெடச்சாலும் கெடைக்காட்டியும் இந்தத் தடவ நான் பஸ் ஏத்திவிட வரமாட்டேன்."